வெட்டிய தர்பூசணியைப் படத்தில் பார்த்து மதிப்பிடுவது எப்படி: சிவப்பைக் கடைசியாகப் பாருங்கள்

வெட்டிய தர்பூசணியின் படம் ஒன்றைக் காட்டி, "இதில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்பவர்கள் அனைவரும் முதலில் சுட்டிக்காட்டுவது அதன் சிவப்பைத்தான். ஆனால் ஒரு படத்தில் மிக எளிதாக நம்மை ஏமாற்றக்கூடியதும் அந்தச் சிவப்பே. விளக்கின் நிறம், கேமரா தானாகச் செய்யும் திருத்தம், பார்க்கும் திரை ஆகிய மூன்றும் சேர்ந்து இளஞ்சிவப்பான பழத்தை ரத்தச் சிவப்பாகவும், நன்றாகப் பழுத்ததை வெளிறியதாகவும் காட்டிவிடும். ஆகவே வெள்ளைப் பகுதி, விதை, சதையின் பரப்பு ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகே சிவப்புக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

படம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பழத்தைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன், படத்தில் இயல்பாகவே வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் ஒன்றைத் தேடுங்கள். தட்டு, காகிதம், சுவர் என்று எதுவாகவும் இருக்கலாம். அது மஞ்சளாகத் தெரிந்தால் வெளிச்சம் மஞ்சள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வெளிச்சமோ கேமராவோ சிவப்பைக் கூட்டுகிறது. பழத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகவே சிவப்பு கலந்த விளக்கைத் தொங்கவிடும் இடங்கள் உண்டு. அங்கே எடுத்த படத்தில் நிறத்தைப் பற்றிப் பேசுவதே வீண். வெள்ளைப் பொருள் எதுவும் இல்லையென்றால், பச்சைத் தோலுக்கும் சிவப்புச் சதைக்கும் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டையே உங்கள் அளவுகோல். அது ஒரு சுற்று முழுவதும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் வெளிச்சம்தான். ஓரிடத்தில் மட்டும் சிவந்து, மற்ற இடங்களில் சுத்தமாக இருந்தால், அது பழத்தில் உள்ள கறை. வெளிச்சத்தையும் கறையையும் பிரித்துக் காட்டும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதிய வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படத்தை நீங்களே எடுப்பதாகவோ, மீண்டும் எடுத்து அனுப்பச் சொல்வதாகவோ இருந்தால், ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷையும் ஃபில்டரையும் அணைத்துவிட்டு, வெட்டிய முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று தோல் முதல் தோல் வரை முழு முகமும் தெரியும் படம். மற்றொன்று, நான்கைந்து விதைகள் மட்டும் தெரியும்படி கிட்டத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுத்த படம். ஃபிளாஷ் வேண்டாம் என்பதற்குக் காரணம் நிறம் மட்டுமன்று. நேராக அடிக்கும் வெளிச்சத்தில் சதையின் மேடுபள்ளங்கள் மறைந்து, குழைந்த பரப்பும் மொறுமொறுப்பான பரப்பும் ஒன்றுபோலவே மினுங்கும். வெட்டி எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வெட்டிப் பல மணி நேரம் திறந்திருந்த பழத்தின் மேற்பரப்பு உலர்ந்து மங்கிவிடும். அதை முற்றிப்போன பழம் என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு.

வெள்ளைப் பட்டையும் ஊசியின் வழியும்

தர்பூசணியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் என்னும் நிறமி நீரில் கரையாது. அது செல்லுக்குள்ளே நுண்ணிய துகள்களாகத் தங்கியிருக்கும். சதை எங்கே முடிகிறதோ அங்கே சிவப்பும் முடிந்து, இளஞ்சிவப்பு, வெள்ளை, வெளிர்பச்சை என்று படிப்படியாக மங்கும். எரித்ரோசின் போன்ற சிவப்புச் சாயங்கள் அப்படியல்ல. அவை நீரில் கரைந்தவை. நீர் செல்லும் இடமெல்லாம் செல்லும். வெள்ளைப் பட்டை, நார், விதை என்று அவை பார்ப்பதில்லை. எனவே சாயத்தைத் தேடுகிறவர் சிவப்புப் பகுதியில் தேடக் கூடாது. சிவப்பு இருக்கக் கூடாத இடங்களில் தேட வேண்டும்.

ஊசி தோலைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆகையால் முழு முகத்தையும் காட்டும் படத்தில், வெள்ளைப் பட்டையை ஒரு கடிகாரத்தைப் போலப் பாவித்து, பன்னிரண்டு மணியில் தொடங்கி ஒரு சுற்று மெதுவாகப் பார்த்து வாருங்கள். பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்நோக்கிச் செல்லும் சிவப்புக் கோடோ, பட்டையில் ஊறிய கறையோ, அதற்கு நேர் உள்ளே சதையில் திட்டாக அடர்ந்த நிறமோ தென்பட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு. கத்தி ஊசியின் பாதையைத் தவறவிட்டிருக்கலாம் என்பதால், ஒரே ஒரு வெட்டு முகத்தில் கோடு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துச் சாயம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

இது எப்படித் தோன்றும் என்பதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. தோலோடு கூடிய பெரிய துண்டு ஒன்றை எடுத்து, சமையலுக்குப் பயன்படும் சிவப்பு நிறத்தைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத மருந்துக் குழாய் போன்ற எதைக் கொண்டாவது ஒரு சிறு துளை வழியே சிறிது உள்ளே செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்துக் குறுக்கே வெட்டிப் படம் எடுங்கள். நான் இதைச் செய்து பார்த்தபோது, செலுத்தியதில் ஒரு பகுதி துளை வழியாகவே வழிந்து வெளியே வந்துவிட்டது. மீதி, துளையைச் சுற்றி ஒழுங்கற்ற திட்டாக நின்றது; வெள்ளைப் பகுதி முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்தது. தர்பூசணியின் சதை நெருக்கமாகச் செல்கள் நிறைந்தது. அதற்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி, ஓரம் முதல் நடு வரை ஒரே சீராகப் பரவச் செய்வது எளிதன்று. முழுப் பழமும் ஒரே சீரான சிவப்பாக இருப்பதைக் கண்டு சாயம் என்று பதறுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சீராக இருப்பது பழத்துக்குச் சாதகமான சாட்சி. திட்டுத் திட்டாக இருப்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நடுவில் விழும் வெடிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைத்தான் பலர் ஊசி போட்ட தடம் என்று நம்புகிறார்கள். தர்பூசணி மூன்று பிரிவுகளாக வளர்ந்து நடுவில் ஒன்றுசேரும் பழம். மகரந்தம் போதிய அளவு சேராமல் போனாலும், வளரும் காலத்தில் வெப்பநிலை ஒத்துழைக்காமல் போனாலும், தோல் விரியும் வேகத்துக்கு உள்சதை ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு பெரும்பாலும் நடுவிலிருந்து மூன்று கிளைகளாகப் பிரியும், வெளித்தோலை எட்டாது. அதன் சுவர்கள் உலர்ந்து, சுற்றியுள்ள சதையின் நிறத்திலேயே இருக்கும். இப்படிப்பட்ட பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். பிளவின் சுவர் மட்டும் ஈரமாகவும் சுற்றுச் சதையைவிட மிக அடர்ந்தும் இருந்தால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும், ஏனெனில் உள்ளே செலுத்திய திரவம் தேங்கி நிற்கக்கூடிய இடம் அதுவே.

விதைகள் சொல்வது

சிவந்த சதைக்குள் வெள்ளை விதை இருந்தால் அது சாயம் ஏற்றிய பழம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இதைப் புதியவர்கள் முதலில் மறக்க வேண்டும். விதையில்லாத ரகம் என்று விற்கப்படும் பழங்களில், முழுமையாக வளராத விதைகளின் மெல்லிய வெண்ணிற உறைகள் இருப்பது இயல்பு. அந்தப் பழம் நன்றாகப் பழுத்துச் சிவந்திருந்தாலும் அவை வெள்ளையாகவேதான் இருக்கும். இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்வதானால், வெள்ளை விதை நமக்குக் கிடைத்த நல்ல சாட்சி. கறுப்பு விதையில் சாயம் ஒட்டியிருந்தாலும் படத்தில் தெரியாது. மென்மையான வெள்ளை உறையோ கறையை வாங்கிக்கொண்டு காட்டிவிடும். அடர்சிவப்புச் சதைக்கு நடுவே வெள்ளை விதைகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தால், அந்த இடத்துக்குச் சாயம் வரவில்லை என்பதற்கே அது ஆதாரமாகிறது. ஓரிடத்து விதைகள் மட்டும் இளஞ்சிவப்பேறி, மற்ற இடத்து விதைகள் வெள்ளையாக இருந்தால் அப்போது கவனியுங்கள்.

விதையுள்ள ரகத்தில் விதைகள் பெரும்பாலும் வெள்ளையாகவும் தட்டையாகவும், சதை வெளிறியும் இருந்தால் அது பிஞ்சிலேயே பறித்த பழம். தர்பூசணி பறித்த பிறகு இனிப்பு ஏறும் பழம் அன்று என்பதால், வைத்திருந்து பார்க்கலாம் என்ற யோசனை உதவாது.

முற்றிப்போனதைக் கண்டுபிடிக்க, விதையின் நிறத்தைவிட விதைக்கும் சதைக்கும் உள்ள உறவே முக்கியம். கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒரு விதையின் விளிம்பை மட்டும் பாருங்கள். சரியான பக்குவத்தில் உள்ள பழத்தில் சதை விதையை இறுகப் பிடித்திருக்கும். கத்தி விதையை அசைத்த இடத்தில் தவிர இடைவெளி இராது. முற்றிய பழத்தில் சதை விதையிலிருந்து விலகி, விதையைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று நிழலாகத் தெரியும். இன்னும் முற்றினால் அந்தப் பள்ளத்தில் சாறு தேங்கி மினுங்கும். விதைகள் தாமாகவே நழுவி, இருந்த குழி மட்டும் வழவழவென்று எஞ்சும். ஒன்றிரண்டு விதைகளில் இப்படி இருப்பது பெரிய குறையல்ல. விதை வளையம் முழுவதிலும் இருந்தால், அந்தப் பழம் தன் பக்குவத்தைக் கடந்துவிட்டது என்று படத்தை வைத்தே தைரியமாகச் சொல்லலாம்.

சதையின் பரப்பு: மாவாவதும் நீர்கோப்பதும்

நல்ல தர்பூசணியைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் பார்த்தால், சர்க்கரை தூவியதுபோல நுண்ணிய புள்ளிகள் மின்னும். கத்தி சென்ற முகம் சமமாகவும், துண்டின் மூலைகள் கூராகவும் இருக்கும். கெடும்போது இந்தப் பரப்பு இரண்டு வேறு வழிகளில் மாறுகிறது; இரண்டும் படத்தில் எதிரெதிராகத் தெரியும் என்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

முதலாவது மாவாவது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்து, கடித்தால் ஈர மணலைப் போல உதிரும் நிலை இது. படத்தில் பளபளப்பு போய், பரப்பு மங்கி, சொரசொரப்பாகத் தெரியும். நார்கள் வெளிறிய கோடுகளாகப் புடைத்து நிற்கும். வெட்டிய விளிம்பு கூராக இல்லாமல் சற்று உதிர்ந்து காணப்படும். சாப்பிடுவதால் தீங்கில்லை, சுவைதான் இருக்காது.

இரண்டாவது நீர்கோப்பது, அதாவது சதை அளிந்துபோவது. செல்கள் உடைந்து, சாறு செல்லுக்குள் நிற்காமல் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. அப்போது வெளிச்சம் சிதறாமல் உள்ளே ஊடுருவுவதால், அந்தப் பகுதி கண்ணாடிபோலத் தெளிந்து, சுற்றியுள்ள சதையைவிட அடர்ந்த கருஞ்சிவப்பாகத் தோன்றும். எண்ணெய் பட்ட காகிதம் எப்படி இருண்டு தெளிவாகிறதோ அதே மாற்றம்தான் இது. சாயம் என்று தவறாகச் சந்தேகிக்கப்படுவதில் இதற்கே முதலிடம். பழம் கீழே விழுந்து அடிபட்ட இடம், குளிர்பெட்டியில் உறைந்து உருகிய சதை, எத்திலீன் வாயு வெளியிடும் மற்றப் பழங்களோடு நெடுநாள் அடைத்து வைத்த பழம், அளவுக்கு மிஞ்சிப் பழுத்தது ஆகிய எல்லாமே இந்தத் தோற்றத்தைத் தரும்.

இதையும் சாயத்தையும் பிரிப்பதற்கு அந்தத் திட்டின் பரப்பைப் பாருங்கள். நீர்கோத்த இடத்தில் நிறத்தோடு பரப்பும் மாறியிருக்கும்: சர்க்கரைப் புள்ளிகள் மறைந்து, வழவழப்பாகி, சற்று அமுங்கியும் இருக்கும். சாயம் மட்டும் ஏறிய இடத்தில் நிறம் மாறியிருந்தாலும் பக்கத்துச் சதையின் அதே சொரசொரப்பு தொடரும். கறை நார்களின் வழியே கோடு கோடாகக் கசிந்து, வெள்ளைப் பகுதியையும் தொட்டிருக்கும். தட்டில் தேங்கிய சாற்றையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் சிறு குமிழிகள் நுரையாக நின்றால் பழம் புளிக்கத் தொடங்கிவிட்டது. நிறமும் விதையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைச் சாப்பிட வேண்டாம்.

ஒரு படம், ஒரு மாலை

என் தங்கை ஒரு மாலை, பாதியாக வெட்டிய தர்பூசணியின் படத்தை அனுப்பி, "அண்ணா, கலர் ஊசி போட்டிருக்காங்கன்னு சொல்றாங்க, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். சதை திகைக்க வைக்கும் சிவப்பு. நடுவில் வெடிப்பு. விதைகள் வெள்ளை. பயப்படுவதற்கு மக்கள் சொல்லும் மூன்று காரணங்களும் ஒரே படத்தில் இருந்தன.

முதலில் தட்டைப் பார்த்தேன். வெள்ளைத் தட்டு என்று எனக்குத் தெரியும். படத்தில் அது மங்கிய ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. வெள்ளைப் பட்டையும் சுற்றிலும் அதே சாயலில் இருந்தது. சமையலறை விளக்கு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு தாளை அருகில் வைத்து மீண்டும் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் தாள் வெள்ளையாக வந்தது, சிவப்பும் ஒரு படி இறங்கியது. பட்டையை ஒரு சுற்று பார்த்தேன். எந்த இடத்திலும் கோடோ கறையோ இல்லை. நடு வெடிப்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து, தோலுக்கு வெகு முன்பே நின்றிருந்தது; சுவர்கள் உலர்ந்திருந்தன. வெள்ளை விதைகள் எல்லாப் பக்கமும் சுத்தமாக இருந்தன.

ஆனால் நான்கு மணி இருக்கும் இடத்தில், தோலை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கருஞ்சிவப்புத் திட்டு இருந்தது. முதல் படத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் அது மறைந்து போயிருந்தது. பெரிதாக்கிப் பார்த்ததில் அங்கே சர்க்கரைப் புள்ளிகள் இல்லை. அந்தப் பகுதியில் இருந்த மூன்று விதைகளைச் சுற்றிலும் நீர் மினுங்கியது. அதற்கு நேர் வெளியே இருந்த வெள்ளைப் பட்டையோ கறையில்லாமல் இருந்தது. சாயம் அந்த வழியாக வந்திருந்தால் பட்டை அப்படி இருந்திருக்காது. கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தச் சொன்னேன். "பொதுக்குனு உள்ளே போகுது, தண்ணி வருது" என்றாள். தோலின் வெளிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னபோது, அதே இடம் சற்று அமுங்கியிருந்தது. பழம் எங்கோ அடிபட்டிருக்கிறது.

அத்தோடு விட்டுவிடாமல் ஒன்று செய்யச் சொன்னேன், ஏனெனில் படத்தை மட்டும் வைத்துச் சாயம் உண்டு என்றோ இல்லை என்றோ யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல பகுதியிலிருந்து நான்கைந்து துண்டுகளைப் பிசைந்து, சாற்றை வடிகட்டி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அசைக்காமல் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைக்க வேண்டும். லைகோபீன் நீரில் கரையாததால் சிவப்புத் துகள்கள் சாற்றிலிருந்து தனியே பிரிந்து ஒதுங்கும். எஞ்சும் நீர் வெளிர் நிறமாகத் தெளியும். நீரில் கரைந்த சாயமோ ஒதுங்காது. எவ்வளவு நேரமானாலும் தெளிந்த நீரே சிவப்பாக நிற்கும். பஞ்சால் சதையைத் துடைத்துப் பார்க்கும் முறையும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் நல்ல பழத்தின் சாறும் பஞ்சில் இளஞ்சிவப்பை விடும் என்பதால், லேசான நிறத்தைக் கண்டு பழத்தைக் குற்றம் சொல்லக் கூடாது; பஞ்சு கடுஞ்சிவப்பாக மாறினால் மட்டுமே அதைப் பொருட்படுத்தலாம். அப்போதும் உறுதி செய்ய வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

இரவு அவள் தம்ளரின் படத்தை அனுப்பினாள். சிவப்பு ஒதுங்கி நின்றது. தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அடிபட்ட பாதியை முகர்ந்து பார்த்ததில் லேசான புளிப்பு வாடை இருப்பதாகச் சொன்னதால், அந்தப் பாதியை முழுவதும் அப்புறப்படுத்தச் சொன்னேன். திட்டை மட்டும் வெட்டி எறிவது போதாது. புளிப்பு ஏறிய சாறு கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்பதில்லை. வெட்டியவுடன் மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மறுபாதியின் கிட்டத்துப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூலைகள் கூராக இருந்தன, புள்ளிகள் மின்னின, விதைகளைச் சதை இறுகப் பிடித்திருந்தது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னேன்.